Z: டிரைவ் காணவில்லை: கோளாறு பாதையிலா, டிஸ்க்கிலா?

போன மாதம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு என் மச்சினன் போன் செய்தான். "மாமா, நாஸ் பெட்டியில இருந்த டிஸ்க் போயிடுச்சு. Z டிரைவ் மேல சிவப்பா பெருக்கல் குறி போட்டிருக்கு. பாப்பா போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு." நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி, எல்லோரும் பகிர்ந்து ஃபைல் வைக்கும் டிஸ்க் பெட்டி. சாயந்திரம் அவர்கள் தெருவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் இந்த நிலைமை. அவன் ஏற்கனவே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்திருந்தான். பெட்டியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேபிள் வழியாக லேப்டாப்பில் மாட்டிப் பார்க்கலாம் என்பது அவன் எண்ணம்.

"மாப்ள, தயவுசெஞ்சு அதை மட்டும் கழட்டாத" என்றேன். காரணம் இதுதான். வீட்டு நாஸ் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன. அவற்றின் டிஸ்க்குகள் இஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ் போன்ற ஃபைல் அமைப்புகளில் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. அப்படி ஒரு டிஸ்க்கை லேப்டாப்பில் செருகினால், இதை ஃபார்மட் செய்யட்டுமா, இனிஷியலைஸ் செய்யட்டுமா என்றுதான் விண்டோஸ் கேட்கும். பதற்றத்தில் இருக்கும் ஒருவர் அதற்குச் சரி என்று சொல்லிவிட்டால், அதுவரை நன்றாக இருந்த டிஸ்க் அந்த நிமிடத்தில்தான் உண்மையாகவே பறிபோகும். டிரைவ் காணாமல் போனதால் தொலைந்த படங்களைவிட, காணாமல் போன டிரைவைத் தேடப் போய்த் தொலைந்த படங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

Z: என்பது டிஸ்க் அல்ல

லேப்டாப்பின் C: டிரைவ் உள்ளே இருக்கும் ஒரு பொருள். Z: அப்படி இல்லை. அது ஒரு முகவரிச் சீட்டு. `\\192.168.1.4\kudumbam` என்ற முகவரிக்கு Z: என்று ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விண்டோஸ் ஒவ்வொரு முறையும் நாஸ் பெட்டி வரை போய், கதவைத் தட்டி, உள்ளே இருக்கும் அறையைத் திறக்கச் சொல்கிறது.

ஆகவே Z: திறக்க மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். முதலில் பாதை. அதாவது லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வழியாக நாஸ் பெட்டி வரைக்கும், சரியான ஐபி முகவரிக்கு, தகவல் போய்ச் சேர வேண்டும். இரண்டாவது கதவு. ஃபைல் பகிர்வு எஸ்எம்பி என்ற நெறிமுறையில் நடக்கிறது. அதற்கான கதவு எண் 445. அந்தப் போர்ட்டில் நாஸ் காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். மூன்றாவது அறை. டிஸ்க்கில் இருக்கும் சேமிப்புப் பகுதி, அதற்குள் நம் ஃபோல்டர்.

இந்த மூன்றில் எது பழுதானாலும் Z: மேல் வருவது அதே சிவப்புக் குறிதான். அந்தக் குறிக்கு 'அந்த முகவரியில் இப்போது தொடர்பு இல்லை' என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. ரவுட்டர் மறுபடி தொடங்கிய பிறகோ, லேப்டாப் தூங்கி எழுந்த பிறகோ இது நடந்தால், கோளாறு அநேகமாகப் பாதையில்தான் இருக்கும். ஆனால் 'அநேகமாக' என்பதோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்தில் உறுதி செய்துவிடலாம்.

பதில் வந்தது, ஆனால் யாரிடமிருந்து?

மச்சினன் வீட்டில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் அவன் லேப்டாப்பில் கட்டளைகளை அடிக்கும் பவர்ஷெல்லைத் திறந்து இதை அடிக்கச் சொன்னேன்.

```
ping 192.168.1.4
```

நான்கு பதில்களும் வந்தன. "பாருங்க மாமா, நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு. அப்ப டிஸ்க்தான் போச்சு" என்றான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிங் என்பது அந்த முகவரியில் யாரோ இருக்கிறார்கள் என்று மட்டும்தான் சொல்லும். இருப்பது யார் என்று சொல்லாது. அதனால் அடுத்ததாகக் கதவைத் தட்டச் சொன்னேன்.

```
Test-NetConnection 192.168.1.4 -Port 445
```

வந்த பதிலில் நமக்குத் தேவையான வரிகள் இவை.

```
RemoteAddress    : 192.168.1.4
RemotePort       : 445
PingSucceeded    : True
TcpTestSucceeded : False
```

ஆள் இருக்கிறார், ஆனால் 445 என்ற கதவே இல்லை. இதற்குப் பெரும்பாலும் இரண்டு விளக்கங்கள்தான் இருக்கும். ஒன்று, நாஸ் பெட்டி ஓடுகிறது, ஆனால் அதன் பகிர்வுச் சேவை இன்னும் தொடங்கவில்லை. இல்லையென்றால் அந்த முகவரியில் இருப்பது நாஸே இல்லை. எது என்று பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது.

```
arp -a
```

ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் எந்தக் கருவி பதில் சொல்கிறது என்பதை இந்தப் பட்டியல் காட்டும். ஐபிக்குப் பக்கத்தில் ஆறு ஜோடி எழுத்துகளாக வருவது அந்தக் கருவியின் மேக் முகவரி. தொழிற்சாலையிலேயே எழுதப்பட்ட அடையாள எண் அது. நாஸ் பெட்டியின் அடியில் அல்லது பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் அதே எண் இருக்கும். அவன் டார்ச் அடித்து ஸ்டிக்கரைப் படித்தான். 192.168.1.4-க்கு நேராக இருந்த எண்ணும் ஸ்டிக்கரில் இருந்த எண்ணும் பொருந்தவில்லை.

அப்புறம் ரவுட்டரின் பக்கத்தை பிரவுசரில் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். 192.168.1.4-இல் இருந்தது ஹாலில் இருக்கும் டிவி. ஸ்டிக்கரில் இருந்த மேக் முகவரியோடு நாஸ் பெட்டி 192.168.1.9-இல் சாதுவாக உட்கார்ந்திருந்தது. எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் `\\192.168.1.9` என்று அடித்ததும் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்ததும் ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. பாப்பா படங்களும் இருந்தன. போனில் அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பாஸ்வேர்டு ஏன் மறுபடி கேட்டது என்று அவன் பயந்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் பாஸ்வேர்டை முகவரியோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கும். முகவரி மாறினால் அதற்கு அது புது ஆள். நாஸ் எதையும் மறந்துவிடவில்லை.

முகவரி ஏன் மாறியது

வீட்டில் ஐபி முகவரிகளைப் பங்கிடுவது ரவுட்டர். டிஎச்சிபி என்று அந்த வேலைக்குப் பெயர். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்குக் கொடுப்பது போலக் கொடுக்கும். பல வீட்டு ரவுட்டர்களில் 24 மணி நேரம் என்று இருக்கும். வாடகைக் காலம் முடியும் முன்பே கருவி அதைப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால் சாதாரண நாட்களில் மாதக்கணக்காக அதே முகவரி நீடிக்கும். அது நிரந்தரம் என்று நமக்கும் தோன்றிவிடும்.

யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற கணக்கைச் சில ரவுட்டர்கள் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே வைத்திருக்கின்றன. கரண்ட் போனால் கணக்கும் போய்விடும். மறுபடி எழுந்ததும் வெள்ளைத் தாளோடு தொடங்கும். அன்று அவர்கள் வீட்டில் டிவி சில விநாடிகளில் எழுந்து முகவரி கேட்டுவிட்டது. காலியாக இருந்த 192.168.1.4 அதற்குப் போனது. நாஸ் பெட்டி எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அது வந்து தன் பழைய எண்ணைக் கேட்டபோது இடம் போயிருந்தது. வேறு எண் கிடைத்தது. நாஸ் மீதும் தப்பில்லை, டிஸ்க் மீதும் தப்பில்லை. Z: என்ற சீட்டில் எழுதியிருந்த முகவரிதான் பழசாகிவிட்டது.

இதற்குச் சரியான தீர்வு ரவுட்டரிலேயே இருக்கிறது. இந்த மேக் முகவரி கேட்டால் எப்போதும் இந்த ஐபியைத்தான் கொடு என்று சொல்லி வைக்கலாம். ரவுட்டரின் அமைப்புகளில் `Address Reservation` அல்லது `Static Lease` போன்ற பெயரில் இருக்கும். மச்சினன் வீட்டில் நாஸுக்கு 192.168.1.20 என்று ஒதுக்கினோம். இந்த ஒதுக்கீடு ரவுட்டரின் நிரந்தர அமைப்பில் சேமிக்கப்படும் என்பதால் கரண்ட் போனாலும் அழியாது. பிறகு நாஸை அதன் நிர்வாகப் பக்கத்திலிருந்து முறையாக ரீஸ்டார்ட் செய்து, லேப்டாப்பில் பழைய சீட்டைக் கிழித்துப் புதிதாக எழுதினோம்.

```
net use Z: /delete
net use Z: \\192.168.1.20\kudumbam /persistent:yes
```

நாஸ் பெட்டியிலேயே நிரந்தர ஐபியை எழுதி வைப்பவர்களும் உண்டு. செய்யலாம், ஆனால் அந்த எண் ரவுட்டர் பங்கிடும் வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ரவுட்டர் அது தெரியாமல் அதே எண்ணை வேறொருவருக்கும் கொடுத்துவிடக்கூடும். அப்போது இரண்டு கருவிகள் ஒரே முகவரிக்கு அடித்துக்கொள்ளும், Z: வந்து வந்து போகும். முதல் முறை செய்பவர்களுக்கு ரவுட்டரில் ஒதுக்குவதைத்தான் நான் சொல்வேன்.

ஐபிக்குப் பதிலாக `\\veettunas\kudumbam` என்று பெயரால் இணைத்தால் முகவரி மாறினாலும் கண்டுபிடித்துவிடும் அல்லவா? பெரும்பாலும் கண்டுபிடிக்கும். ஆனால் வீட்டுக்குள் பெயரைத் தேடும் வேலை, 'இந்தப் பெயருள்ளவர் யார்?' என்று நெட்வொர்க்கில் உரக்கக் கூப்பிட்டு, உரியவர் பதில் சொல்வதைக் கேட்பது போல நடக்கிறது. சில வைஃபை எக்ஸ்டெண்டர்கள் அந்தக் கூப்பாட்டைச் சரியாகக் கடத்துவதில்லை. ஐபியில் திறக்கிறது, பெயரில் திறக்கவில்லை என்றால் பழுது அங்கேதான். டிஸ்க்கைப் பற்றி அப்போது யோசிக்கவே வேண்டாம்.

பிங் பற்றி இன்னும் ஒன்று. நாஸ் அந்த முகவரியில் இல்லாதபோது விண்டோஸில் சில நேரம் இப்படி வரும்.

```
Reply from 192.168.1.5: Destination host unreachable.
```

`Reply from` என்று தொடங்குவதால் பதில் வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். கீழே கணக்கிலும் `0% loss` என்று காட்டும். அதில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது உங்கள் லேப்டாப்பின் சொந்த எண். 'தேடினேன், அங்கே யாரும் இல்லை' என்று உங்கள் லேப்டாப் உங்களிடமே சொல்கிறது.

தூங்கி எழுந்த பிறகு

ஸ்லீப் கதை வேறு. இங்கே முகவரி மாறுவதில்லை, நேரம்தான் பொருந்தவில்லை.

லேப்டாப் தூங்கும்போது வைஃபை துண்டிக்கப்படும். நாஸோடு திறந்து வைத்திருந்த தொடர்பு சத்தமில்லாமல் செத்துப்போகும். மூடியைத் திறந்ததும் திரை உடனே வந்துவிடும். வைஃபை இணைந்து ஐபி வாங்கி முடிக்க இன்னும் சில விநாடிகள் பிடிக்கும். அந்த இடைவெளியில் விண்டோஸ் Z: இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லை என்று சிவப்புக் குறி போட்டுவிடுகிறது. பிறகு வைஃபை வந்தாலும் அந்தக் குறியைத் தானாக அழிப்பதில்லை. புதிதாக லாகின் செய்யும்போது வரும் `Could not reconnect all network drives` என்ற அறிவிப்பும் இதே வகைதான்.

இந்த இடத்தில் முதல் மருந்து, கால் நிமிடம் பொறுத்து Z: மேல் இரண்டு முறை கிளிக் செய்வது. திறந்துவிட்டால் அங்கே பழுது என்று எதுவும் இல்லை. குறி மட்டும் பழையது. `net use` என்று அடித்தால் ஒவ்வொரு டிரைவின் நிலையும் தெரியும். `Disconnected` என்றால் முன்பு இருந்த தொடர்பு அறுந்திருக்கிறது, தொட்டால் திரும்ப வரும். `Unavailable` என்றால் லாகின் நேரத்தில் இணைக்க முடியவில்லை. இப்போது வைஃபை இருக்கிறது என்றால் மேலே சொன்ன இரண்டு `net use Z:` வரிகளில் இரண்டாவதை ஒருமுறை ஓட்டினால் போதும்.

கிளிக் செய்தும் வரவில்லை என்றால், லேப்டாப் எந்த வைஃபையில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபை ஒன்றை வைத்திருக்கும் வீடுகளில், தூங்கி எழுந்த லேப்டாப் சில சமயம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்டர்நெட் பிரமாதமாக வரும், யூடியூப் ஓடும், நாஸ் மட்டும் தெரியாது. விருந்தினர் வீட்டுக் கருவிகளைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தானே கெஸ்ட் நெட்வொர்க் இருக்கிறது. ஆபீஸ் விபிஎன் போட்டிருந்தாலும் சில நேரம் இப்படி ஆகும்.

தூங்குவது லேப்டாப் மட்டுமல்ல, நாஸ் பெட்டியும் தூங்கும். அதன் தூக்கத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் டிஸ்க்குகள் மட்டும் சுழற்சியை நிறுத்தும், பெட்டி விழித்திருக்கும். பிங்குக்கு உடனே பதில் வரும், ஆனால் ஃபோல்டரைத் திறந்தால் பத்து விநாடியோ அதற்கு மேலோ எக்ஸ்ப்ளோரர் உறைந்து நிற்கும். டிஸ்க் மறுபடி வேகம் பிடிக்க அவ்வளவு நேரம் ஆகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் இருந்து அவை ஒவ்வொன்றாக எழுந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அந்த 'விர்ர்' சத்தம் காதில் கேட்கும். நாளின் முதல் முறை மட்டும் இப்படித் தாமதித்து, அப்புறம் வேகமாகிவிட்டால் கவலைப்பட எதுவும் இல்லை. இன்னொரு வகையில் முழுப் பெட்டியும் தூங்கிவிடும். அப்போது பிங்குக்கும் பதில் வராது. அதை எழுப்ப வேக்-ஆன்-லேன் என்ற தனிச் செய்தி அனுப்ப வேண்டும். வீட்டில் நாலு பேர் நாலு நேரத்தில் பயன்படுத்தும் நாஸுக்கு இந்த இரண்டாவது தூக்கம் தேவையில்லை என்பது என் கருத்து. மிச்சமாகும் கரண்டைவிடத் தலைவலி அதிகம்.

டிஸ்க் பழுதானால் எப்படித் தெரியும்

பாதை அறுந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் போகும், வரும்போதும் எல்லாம் ஒன்றாக வரும். டிஸ்க் கெடும்போது பெரும்பாலும் இப்படி நடப்பதில்லை. Z: திறக்கும், ஃபோல்டர் பெயர்கள் தெரியும், நூறு படங்கள் திறக்கும். நூற்றியோராவது படத்தில் மாட்டிக்கொள்ளும். மறுநாள் முயன்றாலும் அதே படத்தில்தான் மாட்டும். காப்பி செய்யும்போது வேகம் ஒழுங்காக இருந்து, ஒரு குறிப்பிட்ட ஃபைலில் பூஜ்யமாகிவிடும். டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் வந்ததும் அது விடாமல் திரும்பத் திரும்ப முயல்வதுதான் காரணம். நாஸுக்கென்று செய்த டிஸ்க்குகள் ஏழு விநாடி போல முயன்றுவிட்டுக் கைவிடும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகள் அதைவிட நெடுநேரம் மல்லுக்கட்டும். வைஃபை பலவீனமாக இருந்தாலும் காப்பி நிற்கும்தான், ஆனால் அது இன்று ஒரு ஃபைலில், நாளை வேறொன்றில் என்று இடம் மாறும். டிஸ்க் கோளாறு ஒரே இடத்தில் நிற்கும். சந்தேகமாக இருந்தால் லேப்டாப்பை கேபிளால் ரவுட்டரில் இணைத்து அதே ஃபைலை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்பது இன்னொரு அடையாளம். ஃபைல் அமைப்பில் பிழை கண்டால், மேலும் சேதம் ஆகாமலிருக்க லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடுவதுண்டு. இடம் நிரம்பினாலும் எழுத முடியாதுதான், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

பலர் எதிர்பாராத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு டிஸ்க்கில் ஒரே தகவலை இரட்டையாக எழுதும் ரெய்டு 1 வைத்திருந்தால், ஒரு டிஸ்க் முழுதாகச் செத்தாலும் Z: காணாமல் போகாது. மற்ற டிஸ்க் வேலையைத் தொடரும். என் வீட்டிலேயே இது நடந்தது. ஒரு டிஸ்க் வெளியேறிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. Z: ஒருநாள்கூட மறையவில்லை. பெட்டி பரணில் இருந்ததால் ஆரஞ்சு விளக்கை யாரும் பார்க்கவில்லை, எச்சரிக்கை மெயிலையும் நான் அமைத்து வைக்கவில்லை. வேறு எதற்கோ நிர்வாகப் பக்கத்தைத் திறந்தபோது `Degraded` என்று இருந்தது. அந்த வாரங்கள் முழுதும் எங்கள் படங்கள் ஒற்றை டிஸ்க்கை நம்பி இருந்திருக்கின்றன. டிரைவ் மறைந்தபோது டிஸ்க்கைச் சந்தேகிக்கிறோம், மறையாதபோது நம்பிவிடுகிறோம். இரண்டுமே சரியான சாட்சி இல்லை.

சரியான சாட்சி நாஸின் நிர்வாகப் பக்கம். பிரவுசரில் அதன் ஐபியை அடித்துத் திறப்போமே, அதுதான். அந்தப் பக்கம் திறந்துவிட்டால் பாதை சரி என்பது அந்த நொடியே நிரூபணமாகிவிடுகிறது. உள்ளே சேமிப்புப் பகுதியில் டிஸ்க்குகளின் நிலை எழுதியிருக்கும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையை ஸ்மார்ட் என்ற பதிவேட்டில் தானே எழுதி வைக்கிறது. நிறைய வரிகள் இருக்கும், தொடக்கத்தில் மூன்றை மட்டும் பாருங்கள். 5-ஆம் எண் கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197 படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். இந்த இரண்டின் மூல மதிப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யத்தைத் தாண்டி வாராவாரம் ஏறினால் புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது. 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைவிட அதன் இணைப்பையோ கேபிளையோ சந்தேகிக்கலாம்.

சேமிப்புப் பகுதியே ஏற்றப்படாமல் போனால் என்ன ஆகும்? அப்போதுதான் டிஸ்க் கோளாறால் Z: உண்மையாகவே மறையும். ஆனால் அந்த மறைவு வேறு மாதிரி இருக்கும். பிங்குக்கு நாஸே பதில் சொல்லும். 445 சோதனை `True` என்று வரும். `net use` கட்டளையைக் கொடுத்தால் பாதைக் கோளாறில் வழக்கமாக வரும் `System error 53` வராது, பெரும்பாலும் `System error 67` வரும். வீட்டை அடைந்துவிட்டேன், கதவும் திறந்தது, நீ சொன்ன அறை இங்கே இல்லை என்பது அதன் பொருள். ஃபோல்டர் பெயரைத் தப்பாக அடித்தாலும் இதே எண் வரும், அதனால் எழுத்துகளைச் சரிபார்த்துவிட்டு நிர்வாகப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே `Crashed` போன்ற சொல் இருந்தால் கையைக் கட்டிக்கொள்வது நல்லது. ரிப்பேர் பட்டனை அழுத்துவதற்கு முன், டிஸ்க்குகளை இடம் மாற்றுவதற்கு முன், முக்கியமான தகவலுக்கு வேறு காப்பி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அனுபவமுள்ள ஒருவரைக் கேட்காமல் எதையும் அழுத்த வேண்டாம்.

இந்தச் சோதனைகளுக்கு ஒரு எல்லையும் உண்டு. பல நாஸ் பெட்டிகளில் இயங்குதளமே அந்த டிஸ்க்குகளில்தான் இருக்கிறது. ஒரே டிஸ்க் உள்ள பெட்டியில் அது முழுதாகப் போய்விட்டால் பெட்டி சரியாக எழவே எழாது. ரவுட்டர் பட்டியலிலும் வராமல் போகலாம். டிஸ்க் பழுது பாதைப் பழுது போல வேஷம் போடும் இடம் அது. கேபிளை மாற்றி, ரவுட்டரில் வேறு துளையில் செருகி, துளை ஓரத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தும் பட்டியலில் வரவில்லை என்றால், பெட்டியின் டிஸ்க் விளக்கையும் சத்தத்தையும் கவனியுங்கள். ஒரே தாளத்தில் 'டிக் டிக்' என்று தட்டிக்கொண்டே இருந்தால் கரண்டை நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் மிச்சமிருப்பதைக் கெடுக்கலாம்.

கரண்ட் போன ராத்திரி

கரண்ட் வெட்டில் இரண்டு கோளாறும் ஒன்றாக வரலாம் என்பதுதான் தொல்லை. ரவுட்டர் முகவரிக் கணக்கை இழக்கிறது. அதே நொடியில் நாஸ் எழுதிக்கொண்டிருந்த வேலை பாதியில் நிற்கிறது. மறுபடி எழும்போது நாஸ் தன் ஃபைல் அமைப்பைச் சரிபார்க்கத் தொடங்கலாம், ரெய்டு இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஃபைல் அமைப்புச் சோதனை முடியும்வரை பிங் வரும், அறை திறக்காது. பெரிய டிஸ்க்காக இருந்தால் நீண்ட நேரம் பிடிக்கும். எதுவும் வரவில்லையே என்று பிளக்கைப் பிடுங்கி மறுபடி போடுவதுதான் அந்த நேரத்தில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். நிர்வாகப் பக்கம் சோதனை நடப்பதாகச் சொன்னால் விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனிலும் நாஸ் சாதா லைனிலும் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். இன்டர்நெட் நிற்காது என்பதால் யாருக்கும் உறைப்பதில்லை, நாஸ் மட்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் அடி வாங்கிக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேர இடைவெளியே சில பெட்டிகளுக்குப் போதும், அணைந்துவிடும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றில் இரண்டையும் சேர்த்து மாட்டுவது மேல். யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி துளை இருந்து, நாஸும் அந்த மாடலை ஏற்றால், பேட்டரி குறையும்போது நாஸ் தானாகவே முறையாக அணைந்துகொள்ளும்.

மச்சினன் வீட்டில் அன்று ராத்திரியே நிர்வாகப் பக்கத்தையும் பார்த்தோம். இரண்டு டிஸ்க்கும் `Normal`, 5-உம் 197-உம் பூஜ்யம். ரெய்டு ஒப்பீடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் முடிந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யுபிஎஸ் வாங்கி மாட்டினான். ரவுட்டரை வேண்டுமென்றே அணைத்துப் போட்டுப் பார்த்தோம். மூன்று நிமிடம் கழித்து Z: மேல் கிளிக் செய்ததும் திறந்தது. பெட்டியின் முன்பக்கத்தில் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அதில் 192.168.1.20 என்றும், அதன் கீழே மேக் முகவரியும், அதற்கும் கீழே சிவப்பு மையில் 'டிஸ்க்கைக் கழற்றாதே' என்றும் அவனே எழுதி வைத்திருக்கிறான்.